மீட்டர் கோளாறால் குடிநீர் பில் ஐந்து மடங்கு வந்தால் எப்படி நிரூபிப்பது?

கேள்வி: "நங்கநல்லூரில் ஆறு வீடு உள்ள அடுக்குமாடி எங்களுடையது, மொத்தம் 24 பேர். தண்ணீர் மீட்டரில் மாதம் 80 கிலோலிட்டர் போல ஓடும். இந்தத் தடவை ஒரே மாதத்துக்கு 412 என்று பில் வந்திருக்கிறது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் நாலு மணி நேரம் வருகிறது. சம்ப் 12,000 லிட்டர். அலுவலகத்தில் கேட்டால் உங்கள் பக்கம் கசிவு இருக்கும், முதலில் கட்டுங்கள் என்கிறார்கள். பிளம்பர் பார்த்துவிட்டுக் கசிவு இல்லை என்கிறார். மீட்டர்தான் தப்பு என்று எப்படிக் காட்டுவது?"

பதில்:

பிளம்பர் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகாதீர்கள். கசிவு இருக்கிறது என்று அவர்கள் சொல்வதும் வாய்வார்த்தை, இல்லை என்று நீங்கள் சொல்வதும் வாய்வார்த்தை. அங்கே எடுபடுவது அளவு மட்டும்தான். நல்ல வேளையாக, சென்னையில் தண்ணீர் நேராக வீட்டுக் குழாய்க்கு வராமல் சம்ப்பில் வந்து விழுகிறது. உங்கள் மீட்டரைச் சோதிக்க அதைவிட நல்ல அளவுபாத்திரம் கிடையாது.

அதற்கு முன் பில்லை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். சென்னைக் குடிநீர் வாரியத்தின் கணக்கில் வரி வேறு, கட்டணம் வேறு. குடிநீர், கழிவுநீர் வரி கட்டடத்தின் ஆண்டு மதிப்பை வைத்து அரையாண்டுக்கு ஒருமுறை வருவது. அதற்கும் மீட்டருக்கும் சம்பந்தம் இல்லை. மீட்டர் சம்பந்தப்பட்டது தண்ணீர்க் கட்டணம் மட்டும். பில்லில் முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், மீட்டர் எண் மூன்றையும் எழுதிக்கொண்டு போய் மீட்டர் முன்னால் நின்று ஒப்பிடுங்கள். மீட்டர் முகப்பில் கறுப்பு இலக்கங்கள் கிலோலிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர். சிவப்பு இலக்கமும் சின்னச் சின்ன சிவப்பு முள்களும் அதற்குக் கீழுள்ள பின்னம். சில மீட்டர்களில் சிவப்பு இலக்கத்தையும் சேர்த்துப் படித்துவிட்டால் எண் பத்து மடங்காகிவிடும். பக்கத்துக் கட்டடத்து மீட்டர் எண் உங்கள் கணக்கில் ஏறியிருப்பதும் உண்டு. இப்படி ஏதாவது இருந்தால் ஒரு புகைப்படமே போதும், வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். முந்தைய மாதங்களின் ரீடிங் உண்மையாகவே எடுத்ததா, இல்லை கேட் பூட்டியிருந்தது என்று சராசரி போட்டதா? சராசரியைக் குறைவாகப் போட்டுக்கொண்டே வந்து, ஒருநாள் உண்மையான ரீடிங் எடுத்தால் பாக்கி எல்லாம் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். தண்ணீர் நிஜமாகச் செலவானதுதான், ஆனாலும் பில் தப்புதான். ஏனென்றால் வீடுகளுக்கான மீட்டர் கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதல் சில கிலோலிட்டருக்கு விலை குறைவு, மேலே போகப் போக ஒவ்வொரு கிலோலிட்டருக்கும் கூடுதல். ஐந்து மாதத் தண்ணீரை ஒரே மாதத்தில் போட்டால் எல்லாம் மேல்படிக்குப் போய்விடும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது மீட்டர் சோதனை இல்லை. அந்த அளவை அந்தந்த மாதத்துக்குப் பிரித்துப் போட்டு, படியை மறுபடி கணக்கிடச் சொல்ல வேண்டும். இணைப்பில் எத்தனை குடியிருப்பு என்று பதிவாகியிருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ரீடிங்கும் மீட்டர் எண்ணும் பில்லோடு பொருந்துகிறது, முந்தைய ரீடிங்குகளும் நேரில் எடுத்தவைதான் என்று வைத்துக்கொள்வோம். இனி கசிவு என்ற பேச்சுக்கு வருவோம்.

மீட்டர் தெருவிலிருந்து வரும் குழாயில், சம்ப்புக்கு முன்னால் இருக்கிறது. சம்ப்புக்குப் பிறகு நடப்பது எதுவும் அதற்கு நேராகத் தெரியாது. கழிப்பறைத் தொட்டி ஒழுகலாம், மேல்தொட்டி நிரம்பி வழியலாம், அதெல்லாம் சம்ப்பைக் காலியாக்கும். அந்தக் காலி இடத்தை அடுத்த முறை தண்ணீர் வரும்போதுதான் நிரப்ப முடியும். ஆகவே எவ்வளவு ஒழுகினாலும், தண்ணீர் வரும் நேரத்தில் குழாய் வழியே எவ்வளவு வர முடியுமோ அதற்கு மேல் மீட்டர் காட்ட முடியாது. உங்கள் வழக்கின் உயிர் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

அந்த அளவைக் கண்டுபிடிக்கச் சம்ப்பின் நீள அகலத்தை உள்பக்கமாக அளந்துகொள்ளுங்கள். உதாரணமாக 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்றால், தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் 60 லிட்டர் வந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் வரும் காலையில் மோட்டாரைப் போடாமல், ஒரு நீளக் குச்சியிலோ ஸ்டீல் டேப்பிலோ மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 40 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் மணிக்கு 2,400 லிட்டர். நாலு மணி நேரத்துக்கு 9,600 லிட்டர். மாதத்தில் 15 நாள் தண்ணீர் வந்தால் 144 கிலோலிட்டர். சம்ப் உடைந்து வந்த தண்ணீர் மொத்தமும் மண்ணுக்குள் போயிருந்தாலும் 144தான் வந்திருக்க முடியும். 412 எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை எழுத்தில் வைத்தால் கசிவு என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் சம்ப்பின் உண்மையான அளவைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். ஒரே நாள் அளவு போதாது, மூன்று நாள் எடுங்கள். அழுத்தம் நாளுக்கு நாள் மாறும்.

ஆள் கணக்கும் துணைக்கு வரும். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுபவர்கள் எடுத்துக்கொள்ளும் அளவு. 24 பேருக்கு மாதம் 97 கிலோலிட்டர் ஆகிறது. உங்கள் வழக்கமான 80 இதற்குப் பக்கத்தில் இருக்கிறது. 412 என்றால் ஆளுக்கு 570 லிட்டருக்கு மேல். இது தனியாக எதையும் நிரூபிக்காது, ஆனால் மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் படிக்கும்போது அதிகாரிக்கு நிலைமை புரியும்.

ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கிறது. மீட்டருக்கும் சம்ப்புக்கும் நடுவில் உள்ள குழாய் உடைந்திருந்தால், மீட்டர் தாண்டிய தண்ணீர் சம்ப்புக்கு வராமலே போகும். அதைப் பார்ப்பது எளிது. தண்ணீர் வரும்போது சம்ப் வாயில் உள்ள வால்வை இறுக மூடிவிட்டு மீட்டர் முகப்பைப் பாருங்கள். நடுவில் நட்சத்திரம் போலவோ முக்கோணம் போலவோ ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். மிகச் சின்ன ஓட்டத்துக்கும் அது சுற்றும். ஐந்து நிமிடம் அது அசையாமல் நின்றால் நடுக்குழாயில் கசிவு இல்லை. சுற்றினால் முதலில் தரையைத் தோண்டிப் பாருங்கள், மீட்டர் மேல் பழி போடாதீர்கள்.

இப்போது மீட்டர் என்ன தப்பு செய்கிறது என்று பார்க்கலாம். பொதுவாக, பழைய விசிறிச் சக்கர மீட்டர் தேய்ந்தால் குறைவாகத்தான் காட்டும். அதனால்தான் "மீட்டர் அதிகம் காட்டாது" என்று பொறியாளர்கள் அடித்துச் சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மை, ஆனால் எப்போதும் இல்லை. அதிகம் காட்டும் வழிகள் எனக்குத் தெரிந்து மூன்று.

முதலாவது காற்று. விட்டு விட்டு வரும் குழாயில் நடுவில் காற்று நிரம்பிவிடும். தண்ணீர் திறந்ததும் அந்தக் காற்று உஸ்ஸென்று மீட்டர் வழியாக வெளியேறும்போது சக்கரம் தண்ணீரைவிட வேகமாகச் சுற்றும். இது சென்னையில் சர்வசாதாரணம், ஆனால் ஐந்து மடங்கு ஏறும் அளவுக்குப் போகாது. தெருக்குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இது மோசமாகும். அப்படி வைப்பது சட்டவிரோதம். உங்கள் கட்டடத்தில் அது இருந்தால் புகார் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேச்சு முழுக்க அதன் பக்கம் திரும்பி இணைப்பே போய்விடும். இரண்டாவது, மீட்டருக்குள் தண்ணீர் நுழையும் சின்னத் துளைகளில் சில மணலாலோ துருவாலோ அடைத்துக்கொள்வது. மீதித் துளைகள் வழியாக வேகம் கூடி, சக்கரம் உண்மையைவிட அதிகம் சுற்றும். இதிலும் பிழை ஓரளவுக்குத்தான்.

மூன்றாவதுதான் உங்கள் எண்ணுக்குப் பொருந்துகிறது. இலக்கச் சக்கரங்கள் தாவுவது. இது நான் இருக்கும் குடியிருப்பிலேயே நடந்தது, அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்கும் ஒரே மாதத்தில் நாலு மடங்கு. சம்ப் சோதனை செய்யலாம் என்று அதிகாலை ஐந்து மணிக்கு டார்ச்சோடு நானும் கீழ்வீட்டு அண்ணனும் உட்கார்ந்தோம். கறுப்பு இலக்கம் 5387. பத்தில் ஒன்று என்று குறித்த சிவப்பு முள் ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஒரு கிலோலிட்டர். முள் ஒரு சுற்று முடித்தது, எண் 5388. இரண்டாவது சுற்று, 5389. அதுவரை சரியாக இருந்தது. மூன்றாவது சுற்று முடியும் நேரத்தில் பத்தாம் இட இலக்கம் எட்டிலிருந்து ஒன்பதுக்கு வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒன்பதைத் தாண்டி, பூஜ்யத்தைத் தாண்டி, மூன்றில் போய் நின்றது. போகும் வழியில் நூறாம் இடத்தையும் ஒன்று தள்ளிவிட்டது. 5390 காட்ட வேண்டிய மீட்டர் 5430 காட்டியது. சம்ப்பில் 50 சென்டிமீட்டர்தான் ஏறியிருந்தது, சரியாக 3,000 லிட்டர். அண்ணன் என் கையைப் பிடித்து, "படம் எடுத்தியா தம்பி?" என்றார். எடுத்திருந்தேன்.

ஒரு இலக்கச் சக்கரம் ஒன்பதிலிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது அடுத்த சக்கரத்தை ஒரு படி மட்டும் நகர்த்த, நடுவில் சின்னப் பல்சக்கரம் ஒன்று இருக்கும். அதன் பல் உடைந்தால் அடுத்த சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும். ஒரு படி போக வேண்டியது நாலு படி, ஐந்து படி போகும். தண்ணீரை அளக்கும் பாகம் நன்றாகவே இருக்கும், எண்ணிக்கை மட்டும் கெடும். இதன் அடையாளம், கூடுதலாக ஏறுவது பத்துப் பத்தாக ஏறும் என்பது. நல்ல விஷயம் என்னவென்றால், இந்தக் கோளாறில் மீட்டர் தன்னைத்தானே பொய்யாக்கிக்கொள்கிறது. முள் மூன்று சுற்று, எண் 43 ஏற்றம். இரண்டும் ஒரே முகப்பில், ஒரே வீடியோவில் தெரியும். எந்த நிபுணரும் தேவையில்லை.

உங்களுக்கும் இதேதானா என்று எனக்குத் தெரியாது, சோதித்தால் தெரியும். முள்சுற்றும் எண்ணும் ஒத்துப்போய், சம்ப் மட்டும் குறைவாக ஏறினால் அது முதல் இரண்டு காரணங்களில் ஒன்று. வீடியோ எடுக்கும்போது மீட்டர் எண்ணை முதலில் காட்டி, அப்புறம் அன்றைய செய்தித்தாளையோ ஃபோனில் நேரத்தையோ காட்டி, பிறகு முகப்பை வெட்டாமல் தொடர்ச்சியாக எடுங்கள். கறுப்பு எண் பூஜ்யத்தைத் தாண்டும் கட்டம் கட்டாயம் அதில் வர வேண்டும், ஆகவே ஒன்றாம் இடம் ஏழோ எட்டோ இருக்கும்போது ஆரம்பியுங்கள். மீட்டரின் சீலைத் தொடவே தொடாதீர்கள். பிளம்பர் திறந்து பார்க்கலாம் என்பார், விடாதீர்கள். சீல் உடைந்த மீட்டரை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

இனி மனு. உங்கள் வார்டுக்கான பணிமனையில் புகார் சொல்லலாம், 044-4567 4567 எண்ணில் கூப்பிட்டுப் புகார் எண்ணும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பில்லைத் திருத்தும் வேலைக்கு எழுத்து மனுவைப் பகுதிப் பொறியாளர் பெயருக்கு, பகுதி அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதி முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து முதல் ஒரு மணி வரை பகுதி அலுவலகங்களில் குறைதீர்க்கும் கூட்டம் நடத்துவது வழக்கம். வீடியோவை அதிகாரியின் கண் முன்னால் ஓட்டிக்காட்ட அதுதான் நல்ல இடம்.

மனு ஒரு பக்கம் போதும். எங்கள் மனுவின் நடுப்பகுதியை உங்கள் எண்களோடு தருகிறேன், 144 மட்டும் என் உதாரணக் கணக்கு, அந்த இடத்தில் நீங்கள் அளந்து கண்டதைப் போடுங்கள்:

"எங்கள் இணைப்பில் வழக்கமாக மாதம் 80 கிலோலிட்டர் பதிவாகிவந்த நிலையில், இம்மாதம் 412 கிலோலிட்டர் எனப் பதிவாகியுள்ளது. தண்ணீர் வரும் நேரத்தையும் சம்ப்பில் அளந்த வரத்தையும் வைத்துப் பார்த்தால் மாதத்துக்கு 144 கிலோலிட்டருக்கு மேல் இக்குழாயில் வர வழியில்லை. அளவுகளும் காணொளியும் இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே மீட்டரை எங்கள் முன்னிலையில் சோதித்து, அதன் அறிக்கையின் நகலை அளித்து, முந்தைய மாதங்களின் சராசரிப்படி பில்லைத் திருத்தித் தருமாறும், அதுவரை இணைப்பைத் துண்டிக்காமலும் தாமதக் கட்டணம் விதிக்காமலும் இருக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

"எங்கள் முன்னிலையில்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சோதனைச்சாலையில் மீட்டர் இந்தியத் தரம் ஐ.எஸ். 779-இன்படி சோதிக்கப்பட்டால், சாதாரண ஓட்டத்தில் இரண்டு சதவீதம், மிகக் குறைந்த ஓட்டத்தில் ஐந்து சதவீதம் வரை பிழை அனுமதி உண்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சோதனையில் சில லிட்டர்களை மட்டும் ஓட்டி, முள்ளை மட்டும் பார்த்தால், இலக்கம் தாவும் மீட்டரும் தேறிவிடும். பத்தாம் இடம் மாறும்வரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இதை மனுவிலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது. எங்கள் மீட்டரைச் சோதித்த இளம் பொறியாளர் பொறுமையாக அதைச் செய்தார், அதனால்தான் தீர்ந்தது.

பணத்தைப் பற்றி. மொத்தத்தையும் கட்டாமல் நிறுத்திவைப்பதை நான் சொல்ல மாட்டேன். பாக்கி ஏறும், கூடுதல் கட்டணம் சேரும், அப்புறம் பேச்சு மீட்டரைவிட்டுப் பாக்கிக்குப் போய்விடும். வரியை முழுதாகக் கட்டிவிடுங்கள், அதில் தகராறு இல்லை. தண்ணீர்க் கட்டணத்தில் வழக்கமான மாத அளவுக்கு உள்ளதை "ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம்" என்று கடிதம் வைத்துக் கட்ட அனுமதி கேளுங்கள். மறுத்து முழுத்தொகைதான் என்றால், அதையும் அதே வார்த்தையோடு கட்டலாம். ஜெயித்தால் அடுத்தடுத்த பில்களில் கழித்துக்கொள்வார்கள். ஆறு வீட்டாரும் பங்கிட்டுக் கட்டும்போது ஒரு வீடு மட்டும் தரமாட்டேன் என்று நின்றால் சங்கமே உடையும். இதை முன்கூட்டியே கூட்டம் போட்டுப் பேசிவிடுங்கள்.

ஒரு மாதம் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் இணைப்பின் ரீடிங் பதிவேட்டு நகல், மீட்டர் பொருத்திய தேதி, மனு மீது எடுத்த நடவடிக்கை மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பல நேரம் பதிலோடு சேர்ந்து தீர்வும் வரும். முதல்வரின் உதவி மையம் 1100 எண்ணிலும் பதியலாம், அது மனுவை நகரவைக்க உதவும், தீர்ப்பு சொல்லாது.

அதுவும் பலிக்காவிட்டால், நுகர்வோர் ஆணையத்துக்கு ஓடும் முன் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றத்தைப் பாருங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில், பொதுமக்களுக்குத் தண்ணீர் வழங்குவது அதன் வரம்பில் பெயர் சொல்லியே வருகிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலே போகலாம். முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் தாங்களே முடிவு சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஒரே நிபந்தனை, அதே தகராறை வேறு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் இங்கே வர வேண்டும். ஆகவே வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

எங்களுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. மனுவிலிருந்து திருத்தம் வரை மூன்று மாதம் ஆனது. புதிய மீட்டரில் இரண்டு மாத ரீடிங் பழைய அளவிலேயே வந்தபிறகுதான் சராசரி போட்டார்கள். உங்களுக்கும் புதிய மீட்டர் போட வருவார்கள். அன்று வேலைக்குப் போகாமல் ஒருவராவது வீட்டில் இருங்கள். பழைய மீட்டரைக் கழற்றும் முன் அதன் எண்ணையும் கடைசி ரீடிங்கையும், புதியதன் எண்ணையும் தொடக்க ரீடிங்கையும் ஒரே தாளில் எழுதி, வந்தவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புதிய மீட்டர் எப்போதும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்காது. அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்த பில்லில் பழைய ரீடிங்கையும் புதிய ரீடிங்கையும் கழித்து இன்னொரு விசித்திரமான எண் வந்து நிற்கும்.